பட்டனை நோயாளிதான் அமுக்க வேண்டும், ஏன்?

வாசகி கேள்வி

அப்பாவுக்கு 67 வயது. பெருங்குடலில் கட்டி என்று வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். வலிக்கு முதுகில் எபிடூரல் போட்டிருந்தார்கள். காலை மாலை ஐஸ் வைத்து "ஜில்லென்று இருக்கிறதா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இரண்டாம் நாள் வலது பக்கம் வலி தாங்கவில்லை. இடது கால் மரக்கட்டை மாதிரி கனக்கிறது என்றார். எபிடூரலை எடுத்துவிட்டு, பட்டனை அமுக்கினால் மார்ஃபின் போகிற பம்ப் வைத்தார்கள். அன்று இரவு தூக்கத்தில் முனகினார். எழுப்ப மனமில்லாமல் அரை மணி நேரத்தில் நானே நான்கு முறை பட்டனை அமுக்கினேன். நர்ஸ் பார்த்துவிட்டு எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். அளவுக்கு மேல் போகாதபடி பம்பே பூட்டிக்கொள்ளும் என்றுதானே சொன்னார்கள்? மானிட்டரில் ஆக்சிஜனும் 97 இருந்தது. குறட்டை விட்டுத் தூங்கியவரை மணிக்கொரு தரம் எழுப்பியது எனக்கு இன்னும் புரியவில்லை. அப்பா இப்போது வீட்டில் நலம். அடுத்த மாதம் அம்மாவுக்கும் பெரிய வயிற்று ஆபரேஷன். இரண்டு வருடம் முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததால் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும் சாப்பிடுகிறார். சிறுநீரகமும் கொஞ்சம் பலவீனம். அம்மாவுக்கு எபிடூரலே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

மயக்கவியல் மருத்துவர் பதில்

நீங்கள் அமுக்கிய நான்கு முறையில் எவ்வளவு மருந்து போயிருக்கும் என்பதிலிருந்து தொடங்குகிறேன். இத்தகைய பம்புகளில் வழக்கமான அமைப்பு, ஒரு அமுக்கலுக்கு 1 மில்லிகிராம் மார்ஃபின், அடுத்த 5 நிமிடத்துக்குப் பூட்டு. பூட்டு இருக்கும்போது எத்தனை முறை அமுக்கினாலும் மருந்து வராது. ஆக, அரை மணியில் 4 மில்லிகிராம் போயிருக்கும். பம்பின் கணக்குப்படி இதில் தவறே இல்லை. ஆபரேஷன் முடிந்து, வலியோடு விழித்திருக்கும் ஒருவர் தானே இந்த அளவை எடுத்திருந்தால் நானும் கவலைப்பட்டிருக்க மாட்டேன்.

சிக்கல் அந்தப் பூட்டில் இருக்கிறது. பூட்டு ஒரு கடிகாரம், அவ்வளவுதான். 5 நிமிடம் ஆயிற்றா என்பது மட்டும் அதற்குத் தெரியும். படுக்கையில் இருப்பவர் விழித்திருக்கிறாரா என்பது தெரியாது. ரத்தக் குழாயில் போன மார்ஃபின் மூளைக்குள் மெதுவாகத்தான் நுழையும். அதன் முழு வேகமும் தெரிய 15, 20 நிமிடம் ஆகும். அதாவது முதல் அமுக்கலின் பலன் முழுதாக வருவதற்குள் பூட்டு மூன்று முறை திறந்துவிடும். ஒன்றின்மேல் ஒன்றாக மருந்து சேர்ந்துகொண்டே போகலாம்.

அப்படியானால் ஏன் இதைப் பாதுகாப்பானது என்கிறோம்? மார்ஃபின் அதிகமானால் முதலில் வருவது தூக்கக் கலக்கம். மூச்சு குறைவது பெரும்பாலும் அதற்குப் பிறகு. கலக்கம் வந்தவர் பட்டனைத் தேட மாட்டார், கை நழுவிவிடும். அந்த இடைவெளியில் மருந்து இறங்கிவிடும். இந்த முறையின் உண்மையான பூட்டு நோயாளியின் தூக்கம்தான். தூங்குபவருக்காக வேறொருவர் பட்டனை அமுக்கும்போது அந்தப் பூட்டைத்தான் உடைக்கிறார். உங்களைப்போல் பாசத்தில் அமுக்கியவர்கள் நிறைய பேர். அதனால் உயிரிழப்புகளும் நடந்திருக்கின்றன. மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் அமெரிக்காவின் ஜாயின்ட் கமிஷன், 2004-இல் இந்த ஒரு விஷயத்துக்காகவே தனி எச்சரிக்கை வெளியிட்டது. நர்ஸ் தனியே அழைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்ன விஷயம் சரி. பம்பை மாட்டும்போதே "நீங்கள் யாரும் தொடக்கூடாது" என்று குடும்பத்தாரிடம் சொல்லாமல் விட்டது எங்கள் தரப்புக் குறை.

முனகலைப் பற்றி ஒன்று. மார்ஃபின் மயக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து, காற்றுப் பாதை பாதி அடைபடும். அப்போது வரும் சத்தம் குறட்டையாகவும் கேட்கும், முனகலாகவும் கேட்கும். அன்று உங்கள் அப்பாவுக்கு எது நடந்தது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் பம்ப் மாட்டியவர் பலமாகக் குறட்டை விட்டால், நிம்மதியாகத் தூங்குகிறார் என்று நாங்கள் விட்டுவிட மாட்டோம். பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

97 என்ற எண்

விரலில் மாட்டும் கருவி, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும். மூச்சு எவ்வளவு நடக்கிறது என்று காட்டாது. இரண்டும் ஒன்றுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். சாதாரணக் காற்றைச் சுவாசிப்பவர் விஷயத்தில் ஓரளவு அப்படித்தான். ஆனால் உங்கள் அப்பாவுக்கு மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்திருந்திருப்பார்கள். அப்போது நிமிடத்துக்கு ஆறேழு மூச்சு எடுத்தால்கூட, உள்ளே போகிற காற்றில் ஆக்சிஜன் கூடுதலாக இருப்பதால் 97 வெகுநேரம் 97-ஆகவே நிற்கும். வெளியேற வேண்டிய கரியமில வாயு மட்டும் உள்ளே சேர்ந்துகொண்டிருக்கும். அது சேரச் சேர மயக்கம் இன்னும் கூடும், மூச்சு இன்னும் குறையும். எண் விழத் தொடங்கும்போது நமக்கு மிஞ்சியிருக்கும் நேரம் சில நிமிடம்தான்.

அதனால்தான் மனிதர் வந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அனுபவமுள்ள நர்ஸ் அறைக்குள் வந்ததும் பேச மாட்டார். முதலில் படுக்கையோரம் நின்று, வயிற்றில் லேசாகக் கை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுவார். எழுப்பிவிட்டு எண்ணினால் பயனில்லை. விழித்தவுடன் யாருக்கும் மூச்சு கூடிவிடும். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்குவதும் சரிவராது, ஏனென்றால் இந்த மருந்தில் மூச்சு நின்று நின்று வரும். 10-க்குக் கீழே போனால் கவனம், 8-க்குக் கீழே போனால் உடனே நடவடிக்கை என்பது பரவலான வழக்கம்.

எண்ணி முடித்த பிறகுதான் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இதை 0 முதல் 3 வரை மதிப்பெண்ணாக எழுதுவோம். விழித்திருந்தால் 0. கூப்பிட்டதும் கண் திறந்து தெளிவாகப் பேசினால் 1. உலுக்கியும் எழவில்லை என்றால் 3, அது அவசர நிலை. நாங்கள் தேடுவது நடுவில் இருக்கும் 2-ஐ. "பேரப்பிள்ளைகள் எத்தனை பேர், பெயர் சொல்லுங்கள்" என்று கேட்டால், அவர் கண் திறந்து இரண்டு பெயர் சொல்லுவார். மூன்றாவது பெயர் வருவதற்குள் இமை மூடிவிடும். பார்க்கிற உறவினருக்கு அது அசதியாகத் தெரியும். எங்களுக்கு அது மூச்சுக் கோளாறின் முதல் படி, மூச்சு எண்ணிக்கை 12 என்று இருந்தாலும் சரி. பம்பை நிறுத்திவைப்போம், மறுபடி மறுபடி வந்து பார்ப்போம். மணிக்கொரு தரம் உங்கள் அப்பாவை எழுப்பியது இந்த 2 வந்துவிட்டதா என்று பார்க்கத்தான். சும்மா தூங்குபவரையும் மருந்தில் அமிழ்ந்தவரையும் பிரித்துச் சொல்ல, எழுப்பிப் பார்ப்பதைத் தவிர நம்பகமான வழி இல்லை.

நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு இரவு, பம்ப் மாட்டிய ஒருவரின் அட்டவணையில் மூச்சு 16, 16, 16, 16 என்று வரிசையாக எழுதியிருந்தது. ஆக்சிஜன் 98. ஏதோ உறுத்தியதால் நின்று எண்ணினேன். ஏழு. மனிதர்களின் மூச்சு அப்படி ஒரே எண்ணில் நிற்பதில்லை. யாரும் எண்ணவில்லை, முந்தைய வரியைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். மார்ஃபினை முறிக்கும் நலாக்சோன் மருந்தை, 400 மைக்ரோகிராம் ஊசியை 10 மில்லியாகக் கலந்து, ஒன்றிரண்டு மில்லியாகக் கொடுத்தோம். முழுவதையும் ஒரே தள்ளாகத் தள்ளினால் மூச்சோடு சேர்த்து வலியும் முழு வேகத்தில் திரும்பும், பிபி எகிறும். அவர் எழுந்து பேசினார். அதோடு போய்ப் படுத்துவிட முடியாது. நலாக்சோனின் வேகம் அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும், மார்ஃபின் அதற்குமேல் நிற்கும். விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டு முறை மறுபடி கொடுக்க வேண்டியிருந்தது.

ஐஸும் கனத்த காலும்

எபிடூரல் வேறு வகை. முதுகெலும்புக்குள், தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறைக்கு வெளியே இருக்கிற மெல்லிய இடத்தில் நூல் போன்ற ஒரு குழாயை வைத்து, மரத்துப்போகச் செய்யும் மருந்தை நீர்த்த அளவில் மணிக்கு சில மில்லி வீதம் விடுகிறோம். கூடவே மார்ஃபின் வகையைச் சேர்ந்த ஃபென்டனில் போன்ற மருந்தும் சிறிதளவு சேர்ப்பதுண்டு. அந்த உயரத்தில் வெளியே வரும் நரம்புகள் மட்டும் மரக்கும். வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாகக் கீறியிருந்தால், நெஞ்செலும்பின் கீழ்முனையிலிருந்து அடிவயிறு வரை இரண்டு பக்கமும் மரத்திருக்க வேண்டும்.

அது மரத்திருக்கிறதா என்று பார்க்கத்தான் ஐஸ். குளிர்ச்சியைக் கடத்தும் நரம்பு இழைகளும் வலியைக் கடத்துகிறவையும் ஏறக்குறைய ஒரே தடிமன். குளிர்ச்சி தெரியாத இடத்தில் வெட்டுக் காயத்தின் வலியும் பெரும்பாலும் தெரியாது. ஊசியால் குத்திப் பார்க்க வேண்டியதில்லை. முதலில் முன்கையில் வைத்து "இதுதான் முழு ஜில்" என்று காட்டிவிட்டு, தொடையிலிருந்து மேலே ஒவ்வொரு அங்குலமாக, இடம் வலம் தனித்தனியே கேட்போம். எங்கே ஜில் குறைகிறது, எங்கே திரும்புகிறது என்பதுதான் வரைபடம். மேல் எல்லை முலைக்காம்பு மட்டத்தைத் தாண்டி ஏறினால் பிபியும் நாடித்துடிப்பும் குறையலாம். விரல்கள் மதமதக்கின்றன, கைப்பிடி தளர்கிறது என்றால் மருந்து இன்னும் மேலே போய்விட்டது. உடனே நிறுத்த வேண்டும்.

உங்கள் அப்பாவின் வரைபடம் கடிதத்திலேயே இருக்கிறது. வலப்பக்கம் வலி, இடது காலில் கனம். குழாயின் நுனி இடப்பக்கம் ஒதுங்கி, மருந்து முழுவதும் ஒரே பக்கமாக, கால் நரம்புகள் வரை இறங்கியிருக்க வேண்டும். இது அரிதான விஷயம் இல்லை. குழாயை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வெளியே இழுத்துப் பார்ப்பார்கள், வலிக்கிற பக்கமாகத் திரும்பிப் படுக்கவைத்துக் கூடுதல் மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள். அப்படியும் சரியாகாவிட்டால் எடுத்துவிடுவதே மேல். ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யும் எபிடூரலை வைத்துக்கொண்டு நோயாளியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வதில் அர்த்தமில்லை.

கால் கனத்ததும் மருந்தை நிறுத்தியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மிக அரிதாக, குழாய் இருக்கும் இடத்தில் ரத்தம் கசிந்து கட்டியாகித் தண்டுவடத்தை நெருக்கும். அதுவும் கால் கனத்தில்தான் தொடங்கும். முதுகுவலி இருக்கும் என்று நம்பிக் காத்திருக்கக் கூடாது, பலருக்கு இருப்பதில்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் என்னவென்றால், மருந்தால் வந்த கனம் மருந்தை நிறுத்தினால் இறங்கும், ரத்தக்கட்டியால் வந்தது இறங்காது. ஆகவே நிறுத்திவிட்டு, அரை மணிக்கொரு தரம் "முழங்காலை மடக்குங்கள், காலைத் தூக்குங்கள்" என்று பார்ப்போம். நான்கு மணி நேரத்துக்குள் தெளிவாகத் தேறவில்லை என்றால் இரவோ பகலோ எம்.ஆர்.ஐ. எடுத்தாக வேண்டும். கட்டி இருந்தால் அதை அறுவை செய்து எடுப்பது, கனம் தொடங்கியதிலிருந்து சுமார் 8 மணி நேரத்துக்குள் நடந்தால் கால் திரும்புவதற்கான வாய்ப்பு நன்றாக இருக்கும். அப்புறம் சரிந்துவிடும். "எபிடூரல் என்றால் கால் மரக்கத்தானே செய்யும்" என்று வார்டில் யாராவது சொல்லி அனுப்பிவிடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தப்பு. மார்பு மட்டத்தில் போட்ட எபிடூரலில் கால்கள் நன்றாக அசைய வேண்டும்.

எவ்வளவு அரிது என்றால், பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் அனஸ்தெடிஸ்ட்ஸ் நாடு முழுவதும் நடத்தி 2009-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், ஆபரேஷனுக்காக எபிடூரல் போட்ட பெரியவர்களில் நிரந்தரப் பாதிப்பு ஒரு லட்சத்துக்கு ஏறத்தாழ 8 முதல் 17 பேர். ரத்தம் உறையாத மருந்து எடுப்பவர்களுக்கு ஆபத்து இதைவிட அதிகம்.

குழாயை எடுத்த பிறகும் இந்தக் கதை முடிந்துவிடுவதில்லை. கிருமி சேர்ந்து சீழ்க்கட்டி உருவாக நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகலாம். அப்பாவுக்குக் காய்ச்சலோடு முதுகுவலி வந்தாலோ, கால் தளர்ந்தாலோ, மரத்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்; எபிடூரல் போட்டிருந்ததை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு எது?

எபிடூரல் வேண்டாம் என்று அம்மா சொல்லலாம். ஆபரேஷனுக்குச் சம்மதம் கொடுத்ததால் எபிடூரலுக்கும் கொடுத்ததாக ஆகாது. அது தனியாக விளக்கி, தனியாகக் கேட்க வேண்டிய சம்மதம். முடிவும் அம்மாவுடையது. ஆனால் அப்பாவுக்கு நடந்ததை வைத்து மட்டும் மறுக்க வேண்டாம். நன்றாக வேலை செய்யும் எபிடூரலில் இருமும்போதுகூட வலி குறைவாக இருக்கும், சளி தங்காது, குடல் சீக்கிரம் அசையத் தொடங்கும். அம்மா விஷயத்தில் கேள்வி வேறு.

முதலாவது, ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல். ஆஸ்பிரின் மட்டும் என்றால் பெரும்பாலும் எபிடூரலுக்குத் தடையில்லை. குளோபிடோக்ரெல் என்றால் 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஸ்டென்ட் அடைபட்டால் மாரடைப்பு. வைத்து இரண்டு வருடமாகிவிட்டதால் இதய மருத்துவர் சம்மதிக்க வாய்ப்பு அதிகம், ஆனால் சொல்ல வேண்டியவர் அவர். நிறுத்த முடியாது என்று அவர் சொன்னால் எபிடூரல் பேச்சு அங்கேயே முடிந்தது.

நிறுத்தி, எபிடூரல் போட்டால், குழாயை எடுக்கும் நாளும் போட்ட நாளைப்போலவே முக்கியம். ஆபரேஷனுக்குப் பின் காலில் ரத்தம் கட்டாமலிருக்க ஹெப்பாரின் வகை ஊசி போடுவார்கள். தடுப்பு அளவில் தினமும் போடும் ஊசி என்றால், போட்டு 12 மணி நேரம் கழித்துத்தான் குழாயை எடுக்க வேண்டும். எடுத்து 4 மணி நேரம் கழித்துத்தான் அடுத்த ஊசி. குளோபிடோக்ரெல்லை மறுபடி தொடங்குவதும் குழாய் வெளியே வந்த பிறகு, மருத்துவர் சொல்லும் நேரத்தில். இதை மருத்துவர்களே கவனித்துக்கொள்வார்கள் என்றாலும், குழாயை எடுக்க வரும்போது "கடைசி ஊசி எத்தனை மணிக்கு?" என்று நீங்கள் கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாவது, சிறுநீரகம். மார்ஃபினை ஈரல் உடைத்தாலும், உடைந்த துண்டுகளில் ஒன்று மார்ஃபினைப்போலவே வேலை செய்யும். அது சிறுநீரில்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அது நாளுக்கு நாள் சேரும். முதல் நாள் சரியாக இருந்தவர் இரண்டாம், மூன்றாம் நாள் கலக்கமாவது இப்படித்தான். அதனால் அம்மாவுக்குப் பட்டன் பம்ப் என்றால் மார்ஃபினுக்குப் பதில் ஃபென்டனில் கேளுங்கள். ஒரு அமுக்கலுக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் என்று வைப்பார்கள். பின்னணியில் தானாக ஓடும் அளவு எதையும் வைக்க வேண்டாம் என்றும் பேசுங்கள். அது ஓடினால், தூங்கினாலும் மருந்து போய்க்கொண்டே இருக்கும். மேலே சொன்ன அந்த இயற்கைப் பூட்டுக்கு வேலையில்லாமல் போகும். இரவு வழக்கமாகத் தூக்க மாத்திரை போடுகிறவராக இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அம்மா குறட்டை விடுபவரா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருமா என்பது உங்கள் வீட்டில்தான் தெரியும், எங்களுக்குத் தெரியாது.

இந்த இரண்டைத் தவிர மூன்றாவது வழியும் உண்டு. வயிற்றுத் தசை உறைகளுக்கு இடையே, ஸ்கேனில் பார்த்தபடி மெல்லிய குழாய்களை வைத்து மரக்கும் மருந்து விடுவது. தண்டுவடத்துக்குப் பக்கத்தில் போகாததால் ரத்தக்கசிவு பயம் குறைவு. எபிடூரல் அளவுக்கு முழுதாக வலியை எடுக்காது. குடல் இழுபடும் உள்வலி தெரியும். அதற்குக் கூடவே ஃபென்டனில் பட்டன், ஒத்துக்கொண்டால் பாரசிட்டமால். அம்மாவின் நிலையில், குளோபிடோக்ரெல்லை நிறுத்த இதய மருத்துவர் தயங்கினால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். சரி, ஆபரேஷனே துளை வழியாகச் செய்யக்கூடியது என்றால் பெரும்பாலும் எபிடூரல் தேவைப்படாது. அதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பட்டன் பம்ப் முடிவானால், அம்மாவுக்கு ஆபரேஷனுக்கு முந்தின நாளே அதைக் கையில் கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நர்ஸைக் கூப்பிடும் மணி என்று நினைத்து அமுக்கிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எத்தனை முறை கேட்டார், எத்தனை முறை மருந்து கிடைத்தது என்று பம்ப் தனித்தனியே குறித்துவைக்கும். 40 முறை கேட்டு 12 முறை கிடைத்திருந்தால் ஒன்று வலி அடங்கவில்லை, இல்லையென்றால் பட்டன் எதற்கென்று புரியவில்லை. போய்க் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இதற்கு நேர்மாறாகப் பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்காமலே கிடப்பவர்களும் உண்டு. எழுந்து உட்காரவோ இருமவோ வேண்டுமென்றால் ஐந்து நிமிடம் முன்பே ஒருமுறை அமுக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இரவில் அம்மா முனகினால் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். விழித்து "வலிக்கிறது" என்றால் பட்டனை அவர் கையில் எடுத்துக்கொடுங்கள், அவரே அமுக்கட்டும். பதில் சொல்லும்போதே கண் சொருகினால் நர்ஸைக் கூப்பிடுங்கள்.